ஒரே நீர், மூன்று விடைகள்: குடிநீரில் இரும்பை அளத்தல்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும்போது பளிங்குபோல் தெளிந்திருக்கும் நீர், குடத்தில் ஓர் இரவு இருந்தபின் மஞ்சள் நிறம் கொள்வதையும், குடத்தின் அடியில் செம்பழுப்பு வண்டல் தங்குவதையும் பல ஊர்களில் காணலாம். அந்நீரில் துவைத்த வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை ஏறும், சோறு நிறம் மாறும், தேநீர் கருத்துவிடும். தேயிலையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கருநிறம் தருவதே இதற்குக் காரணம். கடுக்காய்ச் சாற்றோடு இரும்பு சேர்த்து மை செய்ததும் இவ்வினையைக் கொண்டேயாகும்.

இரும்பு இருக்கிறது என்று அறிய இத்தகைய அடையாளங்கள் போதும். எவ்வளவு இருக்கிறது என்று அறிய அவை போதா. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்காக 2012ஆம் ஆண்டு வெளியிட்ட 10500 எண்ணுள்ள தரநூலில், லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பே ஏற்கத்தக்க எல்லையாக இருந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வெல்லை 1.0 மில்லிகிராம் ஆயிற்று. இந்த அளவுகளில் இரும்பு நஞ்சன்று; சுவையும் கறையும் குழாய் அடைப்புமே முதன்மையான தொல்லைகள். எனினும், ஓர் ஊரின் கிணற்றுக்கு இரும்பு நீக்கும் வடிகலம் தேவையா என்பதை அந்த 1.0 என்னும் எண்ணோடு ஒப்பிட்டே முடிவு செய்கின்றனர். ஆகவே அளவீடு பிழைத்தால் முடிவும் பிழைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கிணற்றின் நீர் மூவரிடம் தரப்படுகிறது எனக் கொள்க. முதலாமவர் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்கிறார். இரண்டாமவர் 0.6 என்கிறார். மூன்றாமவர் 1.8 என்கிறார். மூவரும் ஒரே வினைப்பொருளையும் ஒரே நிறமானியையும் பயன்படுத்தியவர்கள். கணக்கிலும் எவரும் பிழை செய்யவில்லை. முதல் இருவரின் விடைப்படி நீர் தரத்துக்கு உட்பட்டது. மூன்றாமவரின் விடைப்படி எல்லையைத் தாண்டியது. இம்மூன்று விடைகளும் எங்ஙனம் பிறந்தன என்று ஆராய்ந்தால், பினாந்த்ரோலின் முறையின் ஒவ்வொரு படியும் ஏன் வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

இரும்பின் இரு நிலைகள்

நிலத்தடியில் ஆக்சிஜன் அரிதாக உள்ள இடங்களில் இரும்பு, நீரில் கரையும் பெர்ரஸ் அயனியாக இருக்கிறது. அதற்கு நிறம் புலப்படாது; ஆதலால்தான் இறைத்தவுடன் நீர் தெளிவாகத் தோன்றுகிறது. காற்று பட்டதும் அது பெர்ரிக் நிலைக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து, கரையாத ஹைட்ராக்சைடாகப் பிரிகிறது.

4Fe²⁺ + O₂ + 10H₂O → 4Fe(OH)₃ + 8H⁺

இவ்வினையின் வேகம் நீரின் பி.எச். மதிப்பைப் பெரிதும் சார்ந்தது. நடுநிலையை ஒட்டிய நீரில் பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். எனவே பி.எச். 7க்கு மேற்பட்ட நீரை மூடாத புட்டியில் எடுத்துச் சென்றால், ஆய்வகத்தை அடைவதற்குள்ளேயே அதன் இரும்பில் பெரும்பகுதி நிலை மாறியிருக்கும்.

முதலாமவரின் 0.1 இங்கேதான் பிறந்தது. அவர் இரண்டு நாள் வைத்திருந்த புட்டியை அசைக்காமல், மேலே தெளிந்திருந்த நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தார். இரும்பு முழுவதும் புட்டியின் அடியிலும் சுவரிலும் தங்கிவிட்டது. அவர் அளந்தது இரும்பு நீங்கிய நீரை. இப்பிழையைத் தவிர்க்க, நீரை எடுக்கும் இடத்திலேயே 100 மில்லிலிட்டருக்கு 2 மில்லிலிட்டர் என்னும் அளவில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் மிக மெதுவாகிவிடும், வண்டலும் படியாது. அமிலம் சேர்க்காமல் வந்த நீராயின் புட்டியை நன்கு குலுக்கி, வண்டலோடு சேர்த்தே எடுக்க வேண்டும். சுவரில் ஒட்டிய கறை இருப்பின், புட்டியிலேயே அமிலம் ஊற்றிச் சில மணி நேரம் வைத்து அதனைக் கரைத்துக்கொள்வது நலம்.

நிறம் தரும் அணைவு

1,10-பினாந்த்ரோலின் என்பது மூன்று வளையங்கள் இணைந்த கரிமச் சேர்மம். அதன் இரு நைட்ரஜன் அணுக்கள் இடுக்கியின் இரு முனைகள்போல் அமைந்து ஓர் உலோக அயனியைப் பற்றிக்கொள்கின்றன. ஒரு பெர்ரஸ் அயனியை மூன்று பினாந்த்ரோலின் மூலக்கூறுகள் சூழும்போது செம்மஞ்சள் நிறமுள்ள அணைவு அயனி உண்டாகிறது. ஆக்சிஜனேற்ற–ஒடுக்கத் தரம்பார்த்தலில் நிறங்காட்டியாகப் பயன்படும் பெர்ராயின் என்பதும் இதுவே. 1938ஆம் ஆண்டில் பார்ச்சூன், மெல்லன் என்னும் இரு வேதியியலார் இந்நிறத்தை நுணுகி ஆராய்ந்து, இரும்பை அளக்கும் முறையாக வகுத்தனர்.

அந்த அணைவு 510 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பசுமை ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. அதன் மோலார் உட்கவர்திறன் ஏறத்தாழ 11,100. இவ்வெண்ணின் பொருளை நடைமுறையில் கூறுவதானால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு உள்ள கரைசல், ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கலத்தில் ஏறத்தாழ 0.20 உட்கவர்தல் காட்டும். பியர்–லாம்பர்ட் விதிப்படி செறிவு இரட்டித்தால் உட்கவர்தலும் இரட்டிக்கும். பள்ளி ஆய்வகத்தில் உள்ள நிறமானியில் பச்சை வடிப்பானைப் பயன்படுத்தினால் போதும்; அப்போது எண் சற்றுக் குறையலாம், நேர்விகிதம் கெடாது. நிறம் பல மாதங்கள் வரை மங்காமல் நிற்பது இம்முறையின் பெரும் நலன்.

ஆயினும் இந்த அணைவு பெர்ரஸ் அயனிக்கே உரியது. பெர்ரிக் அயனி பினாந்த்ரோலினுடன் சேர்ந்தாலும் இச்செம்மஞ்சள் நிறம் வருவதில்லை. வெளிர்மஞ்சள் சாயலே தோன்றும். இரண்டாமவர் புட்டியை நன்கு குலுக்கி, வண்டலோடு நீரை எடுத்து, தாங்கல் கரைசலும் பினாந்த்ரோலினும் சேர்த்து நேரே அளந்தார். வண்டலாக இருந்த பெர்ரிக் இரும்பு வினையில் கலந்துகொள்ளவே இல்லை. எஞ்சியிருந்த பெர்ரஸ் இரும்பு மட்டும் 0.6 என்று காட்டியது. இத்தகைய கலவையை வெளிச்சத்தில் வைத்துவிட்டு அரைமணி கழித்து மீண்டும் அளந்தால் எண் சிறிது ஏறியிருக்கும். ஒளியின் தூண்டலால் பெர்ரிக் இரும்பு சிறிது சிறிதாகப் பெர்ரஸாக மாறுவதே அதற்குக் காரணம். அளக்குந்தோறும் எண் ஏறிக்கொண்டே போனால் ஒடுக்கம் முழுமையடையவில்லை என்று ஐயுற வேண்டும்.

ஒடுக்கம்

மொத்த இரும்பை அறிய விரும்புவோர், முதலில் அனைத்தையும் கரைத்து, பிறகு அனைத்தையும் பெர்ரஸ் நிலைக்குக் கொணர வேண்டும். கரைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒடுக்குவது ஹைட்ராக்சிலமீன்.

4Fe³⁺ + 2NH₂OH → 4Fe²⁺ + N₂O + H₂O + 4H⁺

செய்முறை இதுவாகும். 50 மில்லிலிட்டர் நீரைக் கூம்புக்குடுவையில் எடுத்து, 2 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், 100 மில்லிலிட்டரில் 10 கிராம் கரைத்த ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு கரைசலில் 1 மில்லிலிட்டரும் சேர்க்க வேண்டும். பொங்கித் தெறிக்காதிருக்கச் சில கண்ணாடி மணிகளை இட்டு, பருமன் 15 முதல் 20 மில்லிலிட்டராகச் சுண்டும்வரை புகைபோக்கும் அறையில் கொதிக்கவிட வேண்டும். ஹைட்ராக்சிலமீன் உப்பு நச்சுத்தன்மை உடையது. கையுறை இன்றித் தொடலாகாது.

இவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது வீண் என்று கருதி வெறுமனே சூடாக்கி நிறுத்துவோர் உண்டு. நாட்பட்ட துரு வண்டல் அமிலத்தில் உடனே கரைவதில்லை. கரையாத துகளை ஹைட்ராக்சிலமீன் எளிதில் ஒடுக்காது. ஆகவே கொதித்தலின் முதற்பணி கரைத்தல். நீரில் பாலிபாஸ்பேட்டுகள் இருப்பின் அவற்றைச் சிதைத்து இரும்பை விடுவிப்பதும், நைட்ரைட் போன்ற இடையூறுகளை நீக்குவதும் அடுத்த பணிகள். சுண்டிய கரைசல் தெளிவாகவும், மஞ்சள் சாயல் இன்றியும் இருக்க வேண்டும். அமிலத்தில் பெர்ரிக் குளோரைடு மஞ்சள் நிறம் தருவது. அம்மஞ்சள் மறைவதே ஒடுக்கம் நிகழ்ந்ததற்குக் கண்ணால் காணும் சான்று.

பிளீச்சிங் தூள் இட்ட நீரில் ஒரு தனிக் கவனம் தேவை. நீரில் மிஞ்சியிருக்கும் குளோரின், இரும்பைத் தொடுமுன் ஹைட்ராக்சிலமீனைத் தின்றுவிடும். குளோரின் மணம் உள்ள நீராயின் ஒடுக்கியைச் சற்று மிகுதியாகச் சேர்ப்பதே தக்கது, மிகுதியால் தீங்கில்லை.

தாங்கல் கரைசலின் பணி

ஒடுக்கம் முடிந்த கரைசல் கடுமையான அமிலத்தன்மை உடையது. அதில் அப்படியே பினாந்த்ரோலினைச் சேர்த்தால் நிறம் தயங்கித் தயங்கியே வரும். ஹைட்ரஜன் அயனிகள் பினாந்த்ரோலினின் நைட்ரஜனைத் தாமே பற்றிக்கொள்வதால், இரும்பு அவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. மறுபுறம், அமிலத்தைக் காரம் கொண்டு முற்றிலும் போக்கிவிட்டால் இரும்பு மீண்டும் காற்றால் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, பி.எச். 2.9 முதல் 3.5 வரையுள்ள இடத்தில் நிறம் விரைந்தும் முழுமையாகவும் தோன்றுகிறது.

அவ்விடத்தில் கரைசலை நிறுத்துவது அம்மோனியம் அசிட்டேட் தாங்கல் கரைசல். 250 கிராம் அம்மோனியம் அசிட்டேட்டை 150 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 700 மில்லிலிட்டர் உறை அசிட்டிக் அமிலம் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைக்கும். ஆய்வுக்கரைசலில் சேர்ப்பது இதில் 10 மில்லிலிட்டர். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

2 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறத்தாழ 24 மில்லிமோல் அமிலம் உள்ளது. கொதிக்கும்போது அதில் பெரும்பகுதி குடுவையிலேயே தங்குகிறது. 10 மில்லிலிட்டர் தாங்கல் கரைசலில் ஏறத்தாழ 32 மில்லிமோல் அசிட்டேட்டும் 122 மில்லிமோல் அசிட்டிக் அமிலமும் உள்ளன. 24 மில்லிமோல் வன்னமிலம் அதே அளவு அசிட்டேட்டை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். எஞ்சுவது 8 மில்லிமோல் அசிட்டேட்டும் 146 மில்லிமோல் அசிட்டிக் அமிலமும். ஹென்டர்சன் சமன்பாட்டில் இவற்றைப் பதிலிட்டால்:

pH = 4.76 + log(8/146) ≈ 3.5

வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. இனி ஒருவர் அளவுக் குழாயைக் கவனியாது 2க்குப் பதிலாக 5 மில்லிலிட்டர் அமிலம் ஊற்றிவிட்டார் எனக் கொள்க. 60 மில்லிமோல் வன்னமிலத்தின் முன் 32 மில்லிமோல் அசிட்டேட் என்ன செய்யும்? அது முழுவதும் தீர்ந்து, வன்னமிலம் மிஞ்சி, பி.எச். 1ஐ ஒட்டி இறங்கிவிடும். நிறம் மெதுவாக வரும்; பத்து நிமிடத்தில் அளப்பவர் குறைந்த எண்ணையே காண்பார். தாங்கல் கரைசலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு. பி.எச். தாள் கொண்டு ஒரு துளியைத் தொட்டுப் பார்த்தால் இப்பிழை உடனே வெளிப்படும்.

கரைசலை ஆறவைத்து 100 மில்லிலிட்டர் திட்டக்குடுவைக்கு மாற்றி, கூம்புக்குடுவையைக் கழுவிய நீரையும் அதிலேயே சேர்த்து, தாங்கல் கரைசல் 10 மில்லிலிட்டரும் பினாந்த்ரோலின் 4 மில்லிலிட்டரும் இட்டு, குறிவரை இரும்பற்ற நீரால் நிரப்பிக் கலக்க வேண்டும். பினாந்த்ரோலின் கரைசல் 100 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் கொண்டது. குளிர்ந்த நீரில் எளிதில் கரையாதாகையால் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிக் கலக்குவர், கொதிக்கவிடுவதில்லை. இரண்டு துளி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் சூடாக்கத் தேவையே இல்லை. அதன் ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் இரும்புக்கே போதும். நீரில் இரும்பு மிகுந்திருந்தால் வினைப்பொருள் பற்றாமல் போகும். அந்நிலையில் நீரின் அளவைக் குறைத்து எடுப்பதே வழி. கலக்கியபின் குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து அளக்க வேண்டும்.

திட்டக்கரைசல்கள்

உட்கவர்தலை இரும்பின் அளவாக மொழிபெயர்ப்பவை திட்டக்கரைசல்கள். அவற்றைச் செய்ய மோர் உப்பு எனப்படும் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் பயன்படுகிறது. 50 மில்லிலிட்டர் நீரில் 20 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலத்தை மெல்ல ஊற்றி, அதில் 1.404 கிராம் மோர் உப்பைக் கரைக்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. இவ்வுப்பின் மூலக்கூறு நிறை 392.1; அதில் இரும்பு 55.85. எனவே 1.404 கிராம் உப்பில் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது.

அடுத்துச் செய்வது மாணவர்க்கு முரணாகத் தோன்றலாம். 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெளிர் இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்வரை பெர்ரஸ் இரும்பைப் பெர்ரிக் இரும்பாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றனர். பின்னர் ஒடுக்கத்தானே போகிறோம், இப்போது ஏன் ஆக்சிஜனேற்றம் என்று கேட்கலாம். காரணம் உண்டு. திட்டக்கரைசலில் இரும்பு பெர்ரஸாகவே இருந்தால், ஹைட்ராக்சிலமீன் பழுதுபட்டிருந்தாலும் திட்டக்கரைசல்கள் முழு நிறம் தரும். கோடு அழகாக நேராக வரும். நீரின் அளவு மட்டும் குறையும். அக்குறையை எவரும் அறியார். திட்டக்கரைசலும் பெர்ரிக் நிலையிலிருந்தே தொடங்கினால், ஒடுக்கி பழுதானால் அதுவும் நிறம் குன்றி உடனே காட்டிக்கொடுக்கும். தவிர, நிலை மாறிக்கொண்டே இருக்கும் பெர்ரஸைவிடப் பெர்ரிக் இரும்பு அமிலத்தில் நெடுநாள் நிற்கும். இதற்குச் செலவாகும் பெர்மாங்கனேட் ஏறத்தாழ 36 மில்லிலிட்டர். அதைவிட மிகக் குறைந்தால் உப்பின் தரத்திலோ எடையிலோ ஐயம் கொள்ள வேண்டும்.

இதனை ஒரு லிட்டராக்கினால் மூலக்கரைசல். அதில் 50 மில்லிலிட்டரை எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால், ஒரு மில்லிலிட்டரில் 10 மைக்ரோகிராம் இரும்புள்ள பயன்படு கரைசல். இதனை அன்றன்றே செய்துகொள்ள வேண்டும். நீர்த்த கரைசலில் இரும்பு புட்டியின் சுவரில் ஒட்டிக் குறையும். பயன்படு கரைசலில் 0, 2, 5, 10, 15, 20 மில்லிலிட்டர் எடுத்து, ஒவ்வொன்றையும் நீரால் 50 மில்லிலிட்டராக்கி, ஆய்வு நீருக்குச் செய்த அனைத்தையும் அமிலம் முதல் கொதித்தல் ஈறாக இவற்றுக்கும் செய்ய வேண்டும்.

அவற்றுள் பூச்சியம் என்பதே வெற்றுக்கரைசல். கடையில் கிடைக்கும் அம்மோனியம் அசிட்டேட்டில் ஓரளவு இரும்பு கலந்திருப்பது வழக்கம். வெற்றுக்கரைசலின் அளவைக் கழிக்காவிடின், வினைப்பொருளின் இரும்பும் கிணற்றின் கணக்கில் ஏறிவிடும். தாங்கல் கரைசலைப் புதிதாகச் செய்யும்போதெல்லாம் திட்டக்கரைசல் வரிசையையும் புதிதாக அளக்க வேண்டும் என்பதும் இதனாலேயே. துருப்பிடித்த இடுக்கி, கறைபட்ட கண்ணாடிக் கலம் ஆகியவையும் இதே தீங்கைச் செய்வன. கலங்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசியபின் பயன்படுத்துவர்.

கணக்கு

மூன்றாமவரின் குறிப்பேட்டில் திட்டக்கரைசல்களின் அளவுகள் இவ்வாறு இருந்தன எனக் கொள்க.

இரும்பு 0 மைக்ரோகிராம் – உட்கவர்தல் 0.004
20 மைக்ரோகிராம் – 0.044
50 மைக்ரோகிராம் – 0.103
100 மைக்ரோகிராம் – 0.202
150 மைக்ரோகிராம் – 0.302
200 மைக்ரோகிராம் – 0.400

வெற்றுக்கரைசலின் 0.004ஐக் கழித்து வரைபடத் தாளில் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் அமைகின்றன. கோட்டின் சாய்வு ஒரு மைக்ரோகிராமுக்கு 0.00198. மோலார் உட்கவர்திறன் 11,100 என்பதிலிருந்து கணக்கிட்டால் 0.00199 வர வேண்டும். இரண்டும் ஒத்துவருவதால் திட்டக்கரைசல்கள் செம்மையாகச் செய்யப்பட்டுள்ளன என்று நம்பலாம். சாய்வு பாதியாக வந்திருந்தால், நீர்த்தலில் ஓர் இரட்டிப்புப் பிழை நேர்ந்திருக்கும் என்று தேடத் தொடங்க வேண்டும்.

ஆய்வு நீரின் உட்கவர்தல் 0.182. வெற்றுக்கரைசலைக் கழித்தால் 0.178.

0.178 ÷ 0.00198 = 90 மைக்ரோகிராம்

இது 50 மில்லிலிட்டர் நீரில் இருந்த இரும்பு. இங்குதான் பலர் 100 மில்லிலிட்டரால் வகுத்து 0.9 என்று எழுதி, எல்லைக்குள் அடக்கிவிடுகின்றனர். திட்டக்குடுவையின் பருமன் 100 ஆயினும், கிணற்றிலிருந்து வந்த நீர் 50 மில்லிலிட்டரே.

90 ÷ 50 = 1.8 மைக்ரோகிராம்/மில்லிலிட்டர் = லிட்டருக்கு 1.8 மில்லிகிராம்

இரண்டாமவரின் உட்கவர்தல் 0.063, கழித்தபின் 0.059, இரும்பு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம், லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். முதலாமவருக்கு 0.014, கழித்தபின் 0.010, லிட்டருக்கு 0.1. மூன்று எண்களும் அவரவர் அளந்த பொருளுக்கு உண்மையே. முதலாமவருடையது வண்டல் நீங்கிய தெளிநீரின் இரும்பு. இரண்டாமவருடையது அந்நேரத்தில் எஞ்சியிருந்த பெர்ரஸ் இரும்பு. மூன்றாமவருடையதே மொத்த இரும்பு. தரநூலின் எல்லை மொத்த இரும்புக்கு உரியது.

விடையைச் சோதித்தல்

1.8 என்பதும் சரியா என்று எவ்வாறு அறிவது? நேர்க்கோடு அழகாக வந்தது சான்றாகாது. திட்டக்கரைசல்கள் தூய நீரில் செய்யப்பட்டவை, கிணற்று நீரோ பல உப்புகள் கலந்தது. நாகப்பூச்சிட்ட குழாயிலிருந்து வரும் துத்தநாகமும், செம்பு, நிக்கல், கோபால்ட் போன்றவையும் பினாந்த்ரோலினைப் பிடித்துக்கொள்ளவோ தாமே நிறம் தரவோ கூடும். இதற்கு எளிய சோதனை, அறிந்த அளவு இரும்பை ஆய்வு நீரிலேயே சேர்த்து மீட்டுப் பார்ப்பது.

வேறொரு 50 மில்லிலிட்டர் நீரில் பயன்படு கரைசல் 5 மில்லிலிட்டர், அதாவது 50 மைக்ரோகிராம் இரும்பு சேர்த்து முழுச் செய்முறையையும் செய்தால் 140 மைக்ரோகிராம் கிடைக்க வேண்டும். 137 கிடைத்தது எனில், சேர்த்த 50இல் 47 மீண்டது, நூற்றுக்கு 94. இது ஏற்கத்தக்கது. 115 மட்டுமே கிடைத்திருப்பின், சேர்த்ததில் பாதி காணாமற்போயிற்று. அப்போது பினாந்த்ரோலின் அளவை உயர்த்தியோ, நீரை நீர்க்கச் செய்தோ மீண்டும் அளக்க வேண்டும்.

நீர் இயல்பாகவே கலங்கலாகவோ நிறம் உடையதாகவோ இருந்தால் இன்னொரு கழித்தலும் தேவைப்படும். அமிலம், ஒடுக்கி, தாங்கல் கரைசல் அனைத்தும் சேர்த்து, பினாந்த்ரோலினை மட்டும் விட்டுவிட்டு ஒரு கரைசல் செய்து, அதன் உட்கவர்தலை ஆய்வு நீரின் உட்கவர்தலிலிருந்து கழிப்பர். தெளிந்த கிணற்று நீருக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. ஏரி நீருக்கும் இலைகள் ஊறிய குளத்து நீருக்கும் தவிர்க்க இயலாது.

மூன்றாமவர் தம் அறிக்கையில் 1.8 என்னும் எண்ணோடு நிறுத்தவில்லை. எடுத்த இடத்திலேயே அமிலம் சேர்க்கப்பட்டதா, புட்டி எத்தனை மணி நேரம் கழித்துத் திறக்கப்பட்டது, அளந்தது மொத்த இரும்பா கரைந்த இரும்பா, மீட்பு நூற்றுக்கு எவ்வளவு என்னும் நான்கையும் அதன் கீழ் எழுதினார். அவ்வறிக்கையைப் படிக்கும் பொறியாளர், இரும்பில் பெரும்பகுதி பெர்ரஸ் நிலையில் கரைந்திருந்தால் முதலில் நீரைக் காற்றில் விழச் செய்து ஆக்சிஜனேற்றி, பிறகு மணலில் வடிக்கும் அமைப்பைத் தேர்வார். ஏற்கெனவே துகளாகியிருந்தால் படியவிட்டு வடிப்பதே போதும் என்பார். அதனை அறிய, கிணற்றடியிலேயே 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வடித்து, அமிலம் சேர்த்த இன்னொரு புட்டியும் கேட்பார். அப்புட்டியிலும் செய்முறை இதுவே.